காத்தான்குடி கடைத்தெருவுக்கு ஒலி நடை எழுதுவது எப்படி? கேள்வி பதில்

கல்லடி ஆசிரியை: எங்கட மாணவர்கள் காத்தான்குடி பிரதான வீதிக்கு, காதில் கேட்டுக்கொண்டே நடப்பதற்கான 20 நிமிட ஒலி நடை ஒன்று எழுதியிருக்கினம். 3,000 சொல் வந்துவிட்டது. எதை வெட்டச் சொல்லலாம்?

வெட்டுவதற்கு முன் வீதியை அளந்துவிடுங்கள், டீச்சர். மாலைக் கூட்டத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 45 மீற்றர் அளவில்தான் நகர்வார். 600 மீற்றர் நடைக்கு 13 நிமிடம் போகும். வழியில் ஐந்து தரிப்புகள், ஒவ்வொன்றிலும் ஒன்றரை நிமிடம் என்றால் இன்னும் ஏழரை நிமிடம். உங்கள் 20 நிமிடம் இங்கேயே முடிந்துவிட்டது.

காதுக்கு நிதானமாகத் தமிழ் வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொல் போகும். வாசிக்கப்போகும் பிள்ளையைக் கொண்டே ஒரு பக்கத்தை வாசிக்கவைத்து, உங்களுக்கான எண்ணைக் கண்டுபிடியுங்கள். நிற்கும் நேரத்தை முழுவதும் பேச்சால் நிரப்பலாம். நடக்கும் நேரத்தில் பாதியைத்தான் நிரப்ப வேண்டும், ஏனென்றால் நடக்கிறவரின் கவனம் காலடியிலும் எதிரே வரும் சைக்கிளிலும் இருக்கும். அப்படிப் பார்த்தால் நிற்கையில் 675 சொல், நடக்கையில் 600 சொல். மொத்தம் 1,275.

வெட்டும்போது முதலில் போகவேண்டியது, அந்த இடத்தில் நின்று கண்ணால் பார்க்க முடியாத தகவல். ஊரின் பொது வரலாறு, சனத்தொகை, பழைய நிர்வாக எல்லைகள் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே வாசிக்கலாம். நடக்கிறவருக்குக் கண்ணெதிரே இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

காத்தான்குடி மாணவன்: வாசிக்க நல்லாத்தான் இருக்கு, கேட்டா ஒருத்தருக்கும் விளங்குதில்ல. வசனம் இதுதான்: "வலப்பக்கத்தில் புடவைக் கடைகள் நெருங்கி நிற்கும் இவ்வீதியின் நடுவே வரிசையாக நடப்பட்டுள்ள, அரபு நாடுகளை நினைவூட்டும் ஈச்சமரங்களைக் காணலாம்."

தம்பி, உங்கள் வசனத்தில் பார்க்கச் சொல்லும் பொருள் கடைசியில் வருகிறது. கேட்கிறவர் "வலப்பக்கத்தில்" என்றதும் வலது பக்கம் திரும்பிவிடுவார். அங்கே புடவைக் கடை இருக்கும். மரம் என்று காதில் விழும்போது அவர் கடைக்குள் பார்த்துக்கொண்டிருப்பார், காலும் ஐந்து மீற்றர் தாண்டியிருக்கும். தாளில் என்றால் கண் திரும்பிப்போய் வாசித்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை. பெயரெச்சங்களை அடுக்கி முன்னால் வைக்கும் எழுத்துநடைதான் இங்கே காலை வாருகிறது.

ஒழுங்கை மாற்றுங்கள். முதலில் காலை நிறுத்துங்கள், பிறகு கண்ணைத் திருப்புங்கள், அது போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், அதற்குப் பிறகு சொல்லுங்கள். நீங்கள் மட்டக்களப்புப் பக்கமிருந்து கல்முனைப் பக்கமாக, ஆற்றுப் பக்க நடைபாதையில் போவதாக வைத்து எழுதிக் காட்டுகிறேன்:

"இங்கே நில்லுங்கள். கடைச் சுவரோரம் ஒதுங்கி நில்லுங்கள். (4 வினாடி) இடது கைப் பக்கம் திரும்புங்கள். வீதியின் நடுவே ஈச்சமரங்கள். (3 வினாடி) ஒரு மரத்தை அடியிலிருந்து மேலே பாருங்கள். (4 வினாடி) தண்டு முழுக்கச் செதில் செதிலாக இருக்கிறதா? ஒவ்வொன்றும் ஒரு மட்டை இருந்த இடம். மரம் உயர உயர, கீழ் மட்டைகள் காய்ந்துபோகும். அவற்றை வெட்டிய பிறகு மிஞ்சிய அடிகள்தாம் இவை."

"அரபு நாடுகளை நினைவூட்டும்" என்பதை எடுத்துவிட்டேன். மரத்தைப் பார்த்தவருக்கு அது தானாகத் தோன்றும். செதில் எப்படி வந்தது என்பது தோன்றாது. ஒரு வசனத்தில் ஒரு வேலைதான். நான்கு முதல் ஏழு சொல்லுக்குள் பெரும்பாலான வசனங்கள் அடங்கிவிடும்.

பக்கத்தைக் குறிக்க இன்னொரு வழியும் இந்த ஊரில் இருக்கிறது. ஒரு புறம் கடல், மறுபுறம் ஆறு என்று ஊரில் சொல்லும் வாவி. நடையின் தொடக்கத்தில் "உங்கள் இடது கைப் பக்கம் கடல், வலது கைப் பக்கம் ஆறு" என்று ஒருமுறை நிலைநிறுத்திவிட்டால், பிறகு "கடல் பக்கம் பாருங்கள்" என்றாலே போதும். ஒருவர் திரும்பி நின்றிருந்தாலும் அது பிழையாகாது, இடது வலது என்றால் பிழையாகிவிடும். வெளியூர்க்காரர் மறந்துவிடக்கூடும் என்பதால் ஒவ்வொரு தரிப்பிலும் இரண்டையும் ஒருமுறை சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏறாவூர், போன் செயலி செய்பவர்: ஜிபிஎஸ் வைத்தால் இடத்துக்கு வந்ததும் தானாகவே பேசும். இடது, வலது, நில்லுங்கள் எல்லாம் எழுதவே தேவையில்லையே?

பாதி சரி. ஒருவர் சந்திக்கு வந்துவிட்டார் என்பதை போன் அறியும். அவர் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறார் என்பது அதற்குத் தெரியாது. திறந்த வெளியில் நல்ல போன் ஐந்து மீற்றர் அளவு பிசகும், மாடிக் கட்டடங்களுக்கு இடையில் இன்னும் கூடும். இங்கே ஒரு கடையின் முகப்பே நான்கு மீற்றர்தான் இருக்கும். நகைக் கடைக்கு எழுதியது பலசரக்குக் கடைக்கு முன்னால் ஒலிக்கும். எதிர்ப்பக்க நடைபாதையில் போகிறவருக்கும் அதுவே ஒலிக்கும்.

தரிப்புக்கு ஒரு கோப்பாகப் பிரித்து, கேட்கிறவரே அழுத்தும்படி வைப்பதுதான் இந்த வீதிக்குப் பொருந்தும். ஒவ்வொரு கோப்பும் அடுத்து எங்கே நிற்பது என்று சொல்லி முடிய வேண்டும்: "அடுத்த மஞ்சள் கடவை வரை நடங்கள். அங்கே நின்று அடுத்ததை அழுத்துங்கள்." கோப்புக்கு `01.mp3`, `02.mp3` என்று எண் மட்டும் போடுங்கள். மோனோவில் 64 கேபிபிஎஸ் என்றால் 20 நிமிடமும் 10 எம்பிக்குள் அடங்கும். முன்கூட்டியே இறக்கிவைத்தால் வழியில் டேட்டா தேவைப்படாது.

அடையாளமாகக் கடைப் பலகையைச் சொல்லாதீர்கள். பெயர் மாறும், நிறம் மாறும். மினாரா, மஞ்சள் கடவை, குறுக்கு வீதி, வீதியின் வளைவு ஆகியவை நிற்கும். "நூறு மீற்றர்" என்பதும் உதவாது, நடக்கிறவர் யாரும் மீற்றர் எண்ணுவதில்லை.

பிள்ளையின் தாய், ஆரையம்பதி: இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு அந்த றோட்டில் நடக்கலாமா? எனக்குப் பயமாக இருக்கு.

பயம் நியாயமானது, அக்கா. ஒரு காதில் மட்டும் மாட்ட வேண்டும், எந்தக் காது என்பதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். கல்முனைப் பக்கமாக ஆற்றுப் பக்க நடைபாதையில் நடந்தால் வீதி இடது கைப் பக்கம் இருக்கும். அந்தப் பக்க வாகனங்கள் மட்டக்களப்பு நோக்கிப் போவதால் எதிரே வரும், கண்ணுக்குத் தெரியும். கடல் பக்க நடைபாதையில் என்றால் முதுகுக்குப் பின்னால் வரும். அதனால்தான் நான் ஆற்றுப் பக்கத்தை எடுத்தேன். மாலையில் அந்தப் பக்கத்துக் கட்டடங்களின் நிழலும் கிடைக்கும்.

வலது காதில் மாட்டி, வீதிப்பக்கத்து இடது காதைத் திறந்து விடுங்கள். ஆனால் வலது பக்கமிருந்து வரும் ஆபத்து வேறு: ஆற்றுப் பக்கக் குறுக்கு வீதிகளிலிருந்து ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் திடீரென்று தலைகாட்டும். மாட்டிய காது இருப்பது அந்தப் பக்கம்தான். ஆகவே ஒவ்வொரு குறுக்கு வீதி வாய்க்கும் முன்னால் "குறுக்கு வீதி. நின்று பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, எட்டு வினாடி முழு மௌனம் வைக்க வேண்டும். இசையும் கூடாது. எழுதும் பிள்ளைகள் இந்த மௌனத்தைத்தான் முதலில் வெட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

ஒலிப்பதிவு மோனோவாக இருப்பதும் இதற்காகத்தான். இடமும் வலமும் பிரித்துக் கலந்த பதிவை ஒரு காதில் கேட்டால் ஒரு பகுதி காணாமல் போகும்.

ஓட்டமாவடி வாசகர்: நானும் கடைத்தெருவில் வீடியோ எடுக்கிறேன். ஹோர்ன் சத்தமும் காற்றும் மைக்கை நிரப்புது. என்ன மைக் வாங்கலாம்?

வீடியோ வேறு வேலை. ஒலி நடையில் பேச்சை வீதியில் பதிவதே இல்லை. உடுப்பு அலுமாரி உள்ள சின்ன அறையில், மின்விசிறியை நிறுத்தி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி போனை வைத்துப் பதிந்தாலே போதுமான தெளிவு கிடைக்கும். வீதியின் சத்தம் கேட்கிறவரின் மறு காதில் ஏற்கெனவே இருக்கிறது. பதிவுக்குள் ஒரு ஹோர்னை வைத்தால் அவர் துள்ளித் திரும்புவார். இரண்டு முறை ஏமாந்தபின் உண்மையான ஹோர்னுக்கும் திரும்பமாட்டார்.

அதே கல்லடி ஆசிரியை: ஆனால் தராசுச் சத்தமோ வியாபாரியின் குரலோ இல்லாவிட்டால் உயிரில்லாமல் இருக்குமே?

வியாபாரியின் குரலை அறையிலோ கடைக்குள்ளோ தனியாகப் பதிந்து, நிற்கும் இடத்தில் மட்டும் 20 வினாடி வைக்கலாம். அவரிடம் கேட்டு, பதிந்ததை அவருக்கே போட்டுக் காட்டிய பிறகுதான். தராசு போன்ற சிறு சத்தங்களில் எனக்குத் தயக்கம் உண்டு. நன்றாக வந்த நடைகளும் இருக்கின்றன, கேட்கிறவர் குழம்பியவையும் இருக்கின்றன. இரண்டு விதமாகவும் செய்து உங்கள் மாணவர்களிடமே கொடுத்துப் பாருங்கள்.

மருதமுனை கைத்தறிக் கடைக்காரர்: எங்கட சாரன், சாரி வகைகளையும் இதில் சேர்க்கலாமே. கடைப் பெயர், விலை, போன் நம்பர் எல்லாம் தாறன்.

நானா, மருதமுனை கல்முனைக்குப் பக்கம், அம்பாறை மாவட்டம். காத்தான்குடியில் நடக்கிறவர் உங்கள் கடையைப் பார்க்க முடியாது. அதற்குத் தனி நடைதான் சரி. அதிலும் விலையும் நம்பரும் வேண்டாம். விலை மாதத்துக்கு மாதம் மாறும், நம்பரைக் காதால் கேட்டு யாரும் குறிப்பதில்லை. உங்களிடம் தறி இருந்தால் அதற்கு முன்னால் ஒரு தரிப்பு வைக்கலாம். "தறி ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே பாருங்கள்" என்று நிபந்தனையோடு எழுத வேண்டும். மூடியிருக்கும் நாளில் "இப்போது தறி ஆடுவதைக் கேட்கிறீர்கள்" என்றால் நடக்கிறவர் மிச்சத்தையும் நம்பமாட்டார். வாசலை ஆட்கள் மறிக்காதபடி எங்கே நிற்பது என்று நீங்களே காட்டுங்கள்.

காத்தான்குடி மாணவன்: பாங்கு சொல்லும்போது எங்கட பதிவு ஓடிக்கொண்டிருந்தா?

தொடக்கக் கோப்பிலேயே சொல்லுங்கள்: பாங்கு கேட்டால் நிறுத்திவிட்டு, முடிந்தபின் மறுபடி அழுத்தலாம். தரிப்புகள் தனித்தனிக் கோப்பாக இருப்பதால் இடையில் நிறுத்துவதில் சிக்கல் இல்லை. இன்னும் நல்லது, நேரத்தையே தேர்வது. அஸர் தொழுகை முடிந்து மஃரிபுக்கு முன்னுள்ள இடைவெளியில், நாலரை மணி அளவில் தொடங்கினால் நிழலும் இருக்கும், கடைகளும் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். நோன்பு மாதத்தில் இரவில்தான் வீதி விழிக்கும், சாப்பாட்டுக் கடைகள் பகலில் மூடியிருக்கும். அந்த மாதத்துக்குத் தொடக்கக் கோப்பை மட்டும் வேறாகப் பதிந்து மாற்றிவிடலாம். பள்ளிவாசல் வாயிலுக்கு நேரே தரிப்பு வைக்காமல் பத்தடி தள்ளி வையுங்கள்.

எழுதி முடித்தபின், அந்த வீதியைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து நடக்கவிடுங்கள். நீங்கள் பின்னால் போங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். அவர் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே போனை எடுத்துப் பின்னுக்கு இழுக்கிறார், எங்கே நடுவழியில் நின்று மற்றவர்களை மறிக்கிறார் என்று எழுத்துப் பிரதியில் குறியுங்கள். பின்னுக்கு இழுத்த இடத்தில் வசனம் நீளம். தலை பிழையாகத் திரும்பிய இடத்தில் பக்கம் தெளிவில்லை. மறித்து நின்ற இடத்தில் "சுவரோரம் ஒதுங்குங்கள்" என்பது பிந்தி வந்திருக்கும், அதை இரண்டு வசனம் முன்னால் தள்ளுங்கள்.