டியூப், பெட்டி, கொள்ளி: அப்பா அம்மாவிடம் உயிரோடு இருக்கும்போதே கேட்பது (கேள்வி பதில்)

அப்பாவுக்கு 76 வயசு. பீடி குடிச்சு நுரையீரல் கெட்டுப்போய் அடிக்கடி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஓடறோம். போன தடவை ராத்திரி "டியூப் போடலாமா"ன்னு கேட்டாங்க, முழிச்சோம். அப்பாகிட்ட கேட்டா "உங்க இஷ்டம்"ங்கிறார். (திருவையாறு)

கேள்வி ரொம்பப் பெரிதாக இருந்தால் எல்லா அப்பாவும் இப்படித்தான் நழுவுவார். சின்னதாகக் கேளுங்கள். வீடு திரும்பி மூச்சு சீரான பிறகு, கூட்டம் இல்லாத நேரத்தில், "போன தடவை அங்கே எதுப்பா ரொம்பக் கஷ்டமா இருந்தது?" என்று ஆரம்பியுங்கள். கையைக் கட்டினார்கள், யாரையும் உள்ளே விடவில்லை என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார்.

அப்புறம் மாஸ்க்கையும் டியூபையும் பிரித்துச் சொல்லுங்கள். இறுக்கிக் கட்டும் மாஸ்க் காற்றைத் தள்ளும். ஆள் விழித்திருப்பார், கழற்றினால் நாலு வார்த்தை பேசலாம். டியூப் தொண்டை வழியே போகிறது. மயக்கத்தில் வைப்பார்கள், பேச்சு கிடையாது. சில நாளில் அதிலிருந்து மீண்டு வருகிறவர்கள் உண்டு, அதையும் மறைக்காதீர்கள். ஆனால் கக்கூஸ் போய் வரவே மூச்சு வாங்குகிறவருக்கு டியூபை எடுப்பது கஷ்டமாகலாம். நாள் நீண்டால் கழுத்தில் ஓட்டை போடுவது பற்றிக் கேட்பார்கள். உங்கள் அப்பா எந்த நிலையில் இருக்கிறார் என்று நுரையீரல் டாக்டரிடம் முன்னாடியே கேட்டு வையுங்கள்.

இதைக் கேட்டபின் அவர் சொல்லக்கூடியது மூன்று. மாஸ்க் போதும், டியூப் வேண்டாம். அல்லது, சில நாள் டியூப் போட்டுப் பாருங்கள், தேறாவிட்டால் எடுத்துவிடுங்கள். அல்லது, எல்லாம் செய்யுங்கள். மூன்றுமே சரிதான். முதலாவதைச் சொன்னால் வைத்தியமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. மூச்சுத் திணறலைத் தணிக்க மார்பின் சிறு அளவில் கொடுக்கலாம், அதற்குத் தெரிந்த டாக்டர் வேண்டும். அவர் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் அக்கா தங்கைகளும் அவர் வாயாலேயே கேட்கட்டும். இல்லையென்றால் அன்றைக்கு ராத்திரி ஊரிலிருந்து வருகிறவர்தான் "எப்படியாவது காப்பாத்துங்க" என்று கத்துவார்.

ஒன்று மட்டும்: அதே உட்காரலில் பட்டா, பங்கு என்று வாயெடுக்காதீர்கள். அவர் இதையும் அதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைப்பார்.

டியூப் வேண்டாம்னு எழுதி வைத்தாலும் செல்லாது, மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும்னு என் வக்கீல் நண்பர் சொல்றாரே? (மன்னார்குடி)

பாதி சரி. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பில் அப்படித்தான் இருந்தது. 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சி முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும். தன் சார்பில் முடிவு சொல்லும் ஆள்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அவரால் பேச முடியாமல் போய், தேற வழியில்லை என்ற நிலையில்தான் அது வேலை செய்யும். அப்போதும் ஆஸ்பத்திரியின் இரண்டு டாக்டர் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ராத்திரி எமர்ஜென்சியில் பீரோவில் கிடக்கும் காகிதம் யாருக்கும் உதவாது.

அம்மாவுக்கு சுகர் 280. மாத்திரையைக் கூட்டலாமா?

உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இங்கே வேறு பேச்சு.

அம்மா "செத்தா ஒரு நாளைக்கு மேல என்னை ஐஸ் பெட்டியில போடாதே"ங்கிறாங்க. அண்ணன் சிங்கப்பூர்ல. (திருவாரூர்)

அம்மா சொல்வதற்குச் சட்டத்தின் பலம் கிடையாது. இருக்கிறவர்கள் மதித்தால்தான் உண்டு. அதனால் அண்ணனுக்கு வீடியோ காலில் அம்மாவே சொல்லட்டும்.

(நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் குறுக்கே) அண்ணனுக்கு முகம் பார்க்கிற உரிமை இல்லையா? என் அப்பாவுக்கு ரெண்டு நாள் காத்திருந்தோம், இன்னிக்கும் அதுதான் எனக்கு நிம்மதி.

(கும்பகோணம்) பெண்ணே கொள்ளி வைக்கலாமே, காத்திருப்பானேன்?

(நாகப்பட்டினம்) ஊர் ஒத்துக்குமா?

(கும்பகோணம்) என் அம்மாவுக்கு நான்தான் வைத்தேன். ரெண்டு நாள் முணுமுணுத்தார்கள், பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் வந்து சாப்பிட்டார்கள்.

எல்லா ஊரும் ஒன்றில்லை, இரண்டு பேருமே உங்கள் ஊரை வைத்துப் பேசுகிறீர்கள். என் பக்கம் கேட்டால், அம்மா பக்கம்தான் நான். ஆனால் காத்திருந்த நிம்மதி பொய் என்று சொல்ல மாட்டேன். கண் தானம் எண்ணம் இருந்தால் மட்டும் காத்திருக்க இடமில்லை, 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எரிவாயு மேடையா, ஆற்றங்கரைச் சுடுகாடா, பறை வேண்டுமா வேண்டாமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

உயிலிலேயே இதெல்லாம் எழுதிடலாமா? (மயிலாடுதுறை)

இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். உயிலைப் பிரிப்பது பெரும்பாலும் காரியம் முடிந்த பிறகு. அதற்குள் எரித்திருப்பார்கள். தனிக் காகிதம். சொத்தோடு கலக்காதீர்கள் என்று மேலேயே சொன்னேன்.

எப்படிக் கேட்டாலும் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போயிடுறார். (பேராவூரணி)

இன்றைக்கு விடுங்கள். இன்னொரு நாள் ஒரே ஒரு கேள்வி: "உங்களால பேச முடியாம போனா, டாக்டர் யாரைக் கேட்கட்டும்?" ஒரு பெயர் சொன்னால் போதும். அந்தப் பெயரை உங்கள் உடன்பிறந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். அது நீங்களாக இல்லாவிட்டாலும்.