நிழல் விலை எதைச் சொல்கிறது?

கேள்வி: இருமச் சிக்கலை எழுதிவிட்டேன், அதன் விடைக்கு என்ன பொருள்?

ஒரு தச்சுப் பட்டறையில் நாற்காலிக்கு (x) 300, மேசைக்கு (y) 400 ரூபாய் லாபம். மரம் 40 கன அடி, உழைப்பு 60 மணி நேரம் இருக்கின்றன.

```
max 300x + 400y
x + 2y ≤ 40   (மரம்)
3x + 2y ≤ 60  (உழைப்பு)
x, y ≥ 0

min 40u + 60v
u + 3v ≥ 300
2u + 2v ≥ 400
u, v ≥ 0
```

மேலே இரண்டாவதாக உள்ள இருமச் சிக்கலில் மரத்துக்கு u, உழைப்புக்கு v என ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு விலை வைக்கிறோம்; அதன் விடையாக வரும் விலையே நிழல் விலை. ஒரு நாற்காலி விழுங்கும் மரமும் உழைப்பும் சேர்ந்து அது தரும் 300 ரூபாய்க்குக் குறையாமல் மதிப்புப் பெற வேண்டும் என்பதே அதன் முதல் நிபந்தனை. விடை x=10, y=15; u=150, v=50; இருபுறமும் 9000.

அதாவது, இன்னொரு கன அடி மரம் கிடைத்தால் லாபம் 150 ரூபாய் உயரும். மரத்தின் கொள்முதல் விலையை லாபத்தில் ஏற்கெனவே கழித்திருந்தால், இந்த 150 அந்த விலைக்கு மேல் கொடுக்கத்தக்க கூடுதல் தொகையே; பலர் சறுக்குவது இங்கேதான். மரம் 20 முதல் 60 கன அடி வரை இருக்கும்போது மட்டுமே இம்மதிப்பு செல்லும். 60-ஐத் தாண்டினால் உழைப்பு மட்டுமே தடையாகி, மரத்தின் நிழல் விலை பூஜ்யமாகிவிடும்.