நடுவில் இருக்கும் ரிலே எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் யார் என்பதை மறைக்க, டோர் உலாவி என் இணைப்பை ரிலே எனப்படும் மூன்று கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புகிறது. முதல் கணினிக்கு என் ஐபி முகவரி தெரியும், கடைசிக் கணினிக்கு நான் போகும் தளம் தெரியும். பிரிக்க வேண்டியதை இரண்டு கணினிகளே பிரித்துவிடுகின்றன. அப்படியானால் நடுவில் இருப்பது வெறும் தாமதம்தானா?

கே., நாகர்கோவில்

அன்புள்ள கே.,

பாதை எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்தால் நடு ரிலேயின் வேலை விளங்கும். உங்கள் உலாவி முதலில், முதல் கணினியான நுழைவு ரிலேயோடு ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்கிறது. பிறகு, பிரிக்க முடியாத ஒரு பொட்டலத்தை அதனிடம் கொடுத்து, இன்ன ரிலேயிடம் சேர்க்கச் சொல்கிறது. அதைப் பெறும் நடு ரிலே, தான் இன்னார் என்பதை மெய்ப்பித்து இரண்டாவது சாவிக்கு உடன்படுகிறது. எதிர்முனையில் யார் என்று அது கேட்பதே இல்லை. இவ்விரண்டின் வழியாகவே கடைசிக் கணினியான வெளியேற்று ரிலேயோடு மூன்றாவது சாவி உருவாகிறது. மூன்றும் ஒருசேர இருப்பது உங்கள் கணினியில் மட்டும்தான்.

இனி நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். தளத்தின் பெயர், அந்த மூன்று சாவிகளாலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிய மூன்று தோல்களுக்குள் போகிறது. நுழைவு ரிலேயின் நினைவில் இருப்பது, உதாரணமாக, இவ்வளவுதான்: இந்த வீட்டு இணைப்பில் 17 என்ற எண்ணோடு வருவதை ஒரு தோல் உரித்து, அந்த ரிலேயின் இணைப்பில் 4021 என்ற எண்ணோடு அனுப்பு. நடு ரிலேயிடம் 4021 வந்தால் 388 ஆக்கி அனுப்பு என்ற குறிப்பு இருக்கும். எண் ஒவ்வொரு கட்டத்திலும் மாறிவிடுவதால் 17ஐப் பார்த்தவருக்கு 388 தெரிய வழியில்லை. பொட்டலங்கள் எல்லாம் 514 பைட் என்ற ஒரே அளவில் இருப்பதால், உரித்தபின் இளைத்திருப்பதை வைத்து எத்தனையாவது கட்டம் என்று கணிக்கவும் முடியாது. கடைசித் தோலை உரிக்கும் வெளியேற்று ரிலேதான் தளத்தின் பெயரைப் படித்து, அதன் முகவரியைத் தேடி, இணைப்பை ஏற்படுத்துகிறது.

உங்கள் கேள்வியின் முடிச்சு நுழைவு ரிலேயில் இருக்கிறது. டோர் உலாவியில் முகவரிக்கு அருகே உள்ள குறியை அழுத்தினால் மூன்று ரிலேகளும் வரிசையாகத் தெரியும். புதிய பாதை கேட்டுப் பாருங்கள், பின்னிரண்டும் மாறும், முதலாவது மாறாது. அது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். காரணம் எளிய கணக்குதான். உளவு பார்க்கும் ஒருவர் இரு முனைகளிலும் பத்தில் ஒரு பங்கு ரிலேகளை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்ந்தெடுத்தால், பாதையின் இரு முனைகளும் அவரிடம் சிக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. நாள் முழுக்க இணையத்தில் இருப்பவர் நூறு பாதைகளை விரைவிலேயே கடந்துவிடுவார். முதல் ரிலேயை நிலையாக வைத்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அது மாறும்வரை அந்த ஆபத்து இல்லை.

இப்போது நடு ரிலேயை எடுத்துவிடுங்கள். உங்கள் நிலையான நுழைவு ரிலே எது என்பது வெளியேற்று ரிலேக்கு நேராகத் தெரிந்துவிடும். ஒரு தளத்துக்கு வருபவர் எப்போதும் ஒரே நுழைவு ரிலேயிலிருந்து வருகிறார் என்பதே பாதி அடையாளம். மீதிப் பாதிக்கு எந்தக் கணினியைக் கைப்பற்ற வேண்டும், எந்தக் கணினியை வேவு பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். நடு ரிலே இந்த இருவரையும் ஒருவருக்கொருவர் அந்நியராக வைத்திருக்கிறது. நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பதால் பெரிய பயன் இல்லை. இரு முனைகளையும் பார்ப்பவருக்கு நடுவில் எத்தனை பேர் நின்றாலும் ஒன்றுதான்.

முனைகளைப் பார்க்க ரிலே கூடத் தேவையில்லை என்பதை 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். தேர்வு நாளன்று காலையில் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. அவை டோர் வழியாக, தற்காலிக முகவரி தரும் ஒரு சேவையிலிருந்து அனுப்பப்பட்டிருந்தன. அஞ்சலைப் பின்தொடர்ந்த விசாரணையாளர்கள் டோர் வரைதான் போக முடிந்தது. ஆகவே மறுமுனைக்கு வந்தார்கள்: அந்தச் சில மணி நேரத்தில் வளாகத்தின் வைஃபையிலிருந்து டோரோடு இணைந்தவர் யார்? வலையமைப்பின் பதிவுகள் ஒரு மாணவரைக் காட்டின. விசாரித்தபோது அவர் ஒப்புக்கொண்டார். மூன்று சாவிகளில் ஒன்றைக்கூட யாரும் உடைக்கவில்லை.