அரை ஆயுட்காலக் கணக்குகள்: தேர்வுக்கு முன் கேள்வி பதில்

"கவுண்டர் முதலில் நிமிடத்துக்கு 820, அரை மணி நேரம் கழித்து 120 காட்டுகிறது. பின்புலம் 20 என்று கொடுத்திருக்கிறார்கள். எனக்கு 10.8 நிமிடம் வருகிறது, விடை 10. எங்கே தப்பு?"

பின்புலத்தைக் கழிக்காமல் விட்டுவிட்டீர்கள். மாதிரியை எடுத்து ஓரமாக வைத்தாலும் கவுண்டரில் ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணிக்கை அது. மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் வருவதால், மாதிரி சிதையச் சிதைய அது குறையாது. இரண்டு அளவீட்டிலிருந்தும் 20-ஐக் கழித்தால் 800, 100. எட்டில் ஒரு பங்காகிவிட்டது, அதாவது மூன்று தடவை பாதியாகியிருக்கிறது. 30 நிமிடத்தில் மூன்று தடவை என்றால் 10 நிமிடம். நைட்ரஜன்-13-க்கு ஏறத்தாழ இவ்வளவுதான்.

நீங்கள் போட்டது இது:

820 / 120 = 6.83, ln 6.83 = 1.92
T = 30 × 0.693 / 1.92 = 10.8

கழிக்க மறந்தால் விடை எப்போதும் கூடுதலாகத்தான் வரும். குறையாத அந்த 20, மாதிரி மெதுவாகச் சிதைவதுபோல் ஏமாற்றுகிறது.

இதற்கு அடுத்த பகுதியாக "40-ஆவது நிமிடத்தில் கவுண்டர் என்ன காட்டும்?" என்று கேட்பார்கள். 120-இல் பாதி 60 என்று எழுதிவிடாதீர்கள். 100-இல் பாதி 50, அதோடு 20, ஆக 70. கழித்ததைக் கடைசியில் திரும்பக் கூட்ட வேண்டும். இரண்டு மணி நேரம் போனபின் பார்த்தாலும் கவுண்டர் 20-ஐச் சுற்றித்தான் நிற்கும், சுழிக்கு வராது.

"அயோடின்-131, 400 மெகாபெக்கெரல், 20 நாள். 16 நாளில் 100, 24 நாளில் 50. நடுவில் 75 என்று போட்டேன். சரிதானே?"

பாதி சரி. 16, 24 வரை நன்றாக வந்தீர்கள். ஆனால் சிதைவு வளைகோடு, நேர்கோடு அல்ல. நடுப்புள்ளிக்குக் கூட்டிப் பாதியாக்கக் கூடாது, பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 100 × 50-இன் வர்க்கமூலம் 70.7. நேரடியாகப் போட்டாலும் 20 / 8 = 2.5, 400 / 2^2.5 = 70.7. முழு எண்ணாக வராவிட்டால் பதறாமல் அடுக்கில் பின்னத்தைப் போடுங்கள்.

"e^(−t/T) என்று போட்டால் எல்லா விடையும் சின்னதாக வருகிறதே?"

அங்கே வரவேண்டியது சராசரி ஆயுட்காலம், அது 1.44 T. சோதிக்க t = T என்று போடுங்கள்: 0.5 வரவேண்டும், உங்களுக்கு 0.37 வரும்.

"சார், 820, 120 இரண்டுமே ஏறி இறங்கும் எண்ணிக்கைகள். 10.8-க்கும் 10-க்கும் வித்தியாசம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பின்புலத்தை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா?"

நல்ல கேள்வி, கணக்குப் போட்டே பார்ப்போம். 120-இலிருந்து 20-ஐக் கழித்த 100-இன் நிச்சயமின்மை √(120 + 20), அதாவது ஏறத்தாழ 12. இதுதான் விடையை ஆட்டிவைப்பது. 800-இன் பங்கு சிறியது. கடைசியில் 10 ± 0.6 நிமிடம் கிடைக்கும். ஆக, இந்த ஒரு அளவீட்டை மட்டும் வைத்து 0.8-ஐப் பெரிய வித்தியாசம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் ஏற்ற இறக்கம் இரண்டு பக்கமும் இழுக்கும், திரும்பத் திரும்ப அளந்தால் சுருங்கும். கழிக்காத பின்புலம் ஒரே பக்கம் இழுக்கும், ஆயிரம் தடவை அளந்தாலும் 10.8-லேயே நிற்கும்.

"அப்படியென்றால் 10.8 என்று எழுதி ± 0.6 போட்டவருக்கு மதிப்பெண் உண்டா?"

நான் திருத்தினால் பிழை மதிப்பீட்டுக்குக் கொடுப்பேன், விடைக்குக் கொடுக்க மாட்டேன்.

"கேள்வியிலேயே பின்புலம் நிலையானது என்று சொல்லவில்லையே? அதுவும் ஆடினால்?"

ஆடும். அதனால்தான் ஆய்வகத்தில் மாதிரி இல்லாமல் பத்து நிமிடம் எண்ணிச் சராசரி எடுப்பார்கள். தேர்வில் ஒரே எண் கொடுத்தால் நிலையானது என்று எடுத்துக்கொண்டு, அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எழுதாதவருக்குக் குறைக்கலாமா என்பதில் திருத்துபவர்களே ஒத்துப்போவதில்லை.

"எனக்கு டெக்னீசியம் ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தார்கள். 6 மணி நேரத்தில் பாதி போய்விடுமா?"

அதைவிடச் சீக்கிரம். சிதைவோடு சேர்ந்து உடலும் வெளியேற்றுகிறது. எவ்வளவு சீக்கிரம் என்பது கொடுத்த மருந்தைப் பொறுத்தது, ஸ்கேன் எடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

"8-இல் 7 பங்கு சிதைந்தது என்றால் N / N₀ = 7/8 தானே?"

சிதைந்தது 7/8, மிச்சம் 1/8. சூத்திரத்தில் போவது மிச்சம்.

"75 சதவீதம் சிதைந்தால் 0.75 போடலாமா?"

மேலே பாருங்கள்.

"எண்ணிக்கை 420-லிருந்து 70. பின்புலம் 20. 6 பங்காகக் குறைந்திருக்கிறது, ln 6 எடுக்கலாமா?"

கழித்துவிட்டு வாருங்கள்.