பருவம் தாமதமாகும் பிள்ளைகளுக்குச் சிறிய அளவு ஹார்மோன்: மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: மகனுக்குப் பதினான்கரை வயது. மாதம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, ஆறு மாதம் போடலாம் என்கிறார் மருத்துவர். உயரம் நின்றுவிடாதா?

பதில்: உங்கள் பயத்துக்கு அடிப்படை உண்டு. உடலில் சேரும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. எலும்பு முனைகளிலுள்ள வளர்தட்டுகளை மூடுவது அதுவே. அதிக அளவில் நெடுநாள் கொடுத்தால் தட்டுகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும். ஆனால் மாதம் 50 மில்லிகிராம் என்பது வளர்ந்த ஆணுக்குக் கொடுப்பதில் சிறு பங்குதான். இந்த அளவில் உயரமும், எலும்பின் முதிர்ச்சியைக் காட்டும் எலும்பு வயதும் ஏறக்குறைய சேர்ந்தே முன்னேறுகின்றன. ஊசி பெற்ற சிறுவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இறுதி உயரத்தில் வேறுபாடு தெரியவில்லை. குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். பதினான்கு வயது எட்டு மாதமான ஒரு சிறுவன். உயரம் 148 செ.மீ., ஆண்டுக்கு 4 செ.மீ. வளர்ச்சி, விரையின் கனஅளவு 3 மி.லி., இடக்கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஊசிகளுக்குப் பிறகு குரல் கரகரக்கும். அந்த ஓராண்டில் எட்டு, ஒன்பது செ.மீ. வளரக்கூடும். ஆண்டு முடிவில் எலும்பு வயது 13 என்றால், ஓராண்டுக்கு ஓராண்டுதான் முன்னேறியிருக்கிறது. கணித்த இறுதி உயரம் அப்படியே நிற்கிறது. ஊசி நின்று சில மாதங்களில் விரை 6 மி.லி. ஆகிவிட்டால் நான் நிம்மதியடைவேன். ஊசி மருந்தால் ரோமம் வளரும், குரல் உடையும், ஆனால் விரை பெருக்காது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்கள் சுரந்தால்தான் அது பெருக்கும். விரையை அளக்காமல் ஊசி தொடங்குவது, அளவுகோல் இல்லாமல் துணி வெட்டுவதைப் போன்றது.

கேள்வி: உயரம் கூடாது என்றால் ஊசி எதற்கு?

பதில்: பதினைந்து வயதில் பத்து வயதுப் பையனாக நடத்தப்படும் துன்பத்தைக் குறைப்பதற்கு. துன்பம் இல்லாதவன், தந்தையும் தாமதமாக வளர்ந்தவர் என்றால், காத்திருப்பதும் முறையான வழியே.

கேள்வி (மருத்துவ மாணவர்): தட்டை மூடுவது ஈஸ்ட்ரோஜன் என்றால், அது உருவாவதைத் தடுக்கும் லெட்ரோசோல் கொடுத்து உயரத்தைக் கூட்டிவிடலாமே?

பதில்: பாதி சரி. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி செயல்படாத ஓர் ஆணைப் பற்றி 1994-இல் எழுதினார்கள்: 28 வயது, 204 செ.மீ. உயரம், வளர்தட்டுகள் இன்னும் திறந்தே இருந்தன. ஆனால் அவருடைய எலும்புகள் பலவீனமாக இருந்ததையும் சேர்த்துப் படியுங்கள். பின்லாந்தில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், லெட்ரோசோல் ஆறு மாதம் பெற்ற சிறுவர்களுக்கு, டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களைவிட விரை விரைவாகப் பெருத்தது. அது பருவத்தைத் தொடங்கிவைப்பது பற்றிய சான்று. இறுதி உயரம் வேறு விஷயம்.

கேள்வி (அதே மாணவர்): கணித்த உயரம் கூடியதாகப் படித்திருக்கிறேன்.

பதில்: கணித்த உயரம் அடைந்த உயரம் அல்ல. எலும்பு வயது மிகவும் பின்தங்கியவர்களிடம் கணிப்பு அட்டவணைகள் உள்ளதைவிட அதிகமாகவே காட்டுகின்றன. உயரம் குறைந்த சிறுவர்களுக்கு லெட்ரோசோல் கொடுத்தபோது சிலருக்கு முதுகெலும்பில் உருமாற்றம் தெரிந்ததும் பதிவாகியுள்ளது. இதில் முடிவான விடை இன்னும் இல்லை. உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை, அவசரத்தைத்தான்.

கேள்வி: மகளுக்குப் பதின்மூன்றரை வயது, மார்பு வளர்ச்சியே இல்லை. இந்த ஊசி போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பெண்களுக்கு மிகக் குறைந்த அளவில் ஈஸ்ட்ரோஜன் தருவார்கள். இறுதி உயரம் பற்றிய சான்று அவர்களிடம் மெலிவானது என்பதால் கூடுதல் நிதானம் தேவை. அதற்கு முன் கருப்பையின் பக்கத்திலுள்ள சூலகங்கள் செயல்படுகின்றனவா, ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைந்திருக்கும் டர்னர் நிலை உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 24 வயது, 160 செ.மீ. இப்போது போட்டால் வளருமா?

பதில்: வளராது. தட்டுகள் மூடிவிட்டன.

கேள்வி: ஊசி போட்டால் பையன் குள்ளமாகிவிடுவானா?

பதில்: முதல் பதிலை முழுவதும் படியுங்கள். அளவு மீறினால் ஆபத்து என்பதே என் எச்சரிக்கை. உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் சொல்லும் அளவை எந்தச் சிறுவனுக்கும் போடாதீர்கள்.

கேள்வி: ஆறு ஊசிகள் முடிந்து பத்து மாதம் ஆயிற்று. விரை இன்னும் 3 மி.லி.தான். இன்னொரு சுற்று?

பதில்: கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டம் இது. வெறும் தாமதமாக இருந்திருந்தால் இந்நேரம் அசைவு தெரிந்திருக்க வேண்டும். மணம் நுகரத் தெரிகிறதா, குழந்தைப் பருவத்தில் விரை இறங்காமல் இருந்ததா என்று கேளுங்கள். காலை வேளையில் ஹார்மோன் அளவுகளைப் பார்த்து, தேவையானால் மூளைப் பகுதியில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பிட்யூட்டரியின் தூண்டல் நிரந்தரமாகவே குறைவு என்றால் சுற்றுச் சிகிச்சை போதாது. ஹார்மோனைப் படிப்படியாக உயர்த்தித் தொடர்ந்து தர வேண்டியிருக்கும்.