அவல் உப்புமா: கெட்டியா, மெல்லிசா, எவ்வளவு ஊறணும்?

காலை உப்புமாவுக்கு எந்த அவல் வாங்குவது?

கெட்டி அவல். மெல்லிசு அவல் தாள் மாதிரி இருக்கும். தண்ணீர் பட்ட ஒரு நிமிடத்திலேயே துவண்டுவிடும். அது வறுத்து மிக்சர் போடத்தான் தோது. ஒன்றிரண்டு அவலை விரலால் ஒடித்துப் பாருங்கள். கொஞ்சம் அழுத்தினால்தான் ஒடிகிறது என்றால் கெட்டி. தொட்டதும் நொறுங்கினால் மெல்லிசு.

கெட்டி அவலைத்தான் 10 நிமிடம் தண்ணீரில் போட்டு வைத்தேன். தாளித்துக் கிளறியதும் களி ஆகிவிட்டதே?

தண்ணீரிலேயே கிடந்ததுதான் காரணம். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடித்துத் தட்டையாக்குவதுதான் அவல். அதாவது பாதிக்கு மேல் வெந்த பொருள். அதை இனி வேகவைக்க வேண்டியதில்லை, ஈரம் ஏறினால் போதும். அந்த ஈரம் தண்ணீரை வடித்த பிறகும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பலரும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு கப் அவலை முதலில் சல்லடையில் சலியுங்கள். சல்லடைக்குக் கீழே விழும் தூள்தான் முதலில் கூழாகும். பிறகு இரண்டு முறை அலசி, அவல் மூழ்கும் அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றி 2 நிமிடம் வையுங்கள். வடிதட்டில் கொட்டி, பிழியாமல், 10 நிமிடம் அப்படியே விடுங்கள். இடையில் ஒருமுறை விரல்களால் மேலும் கீழுமாகப் புரட்டினால் அடியில் இருப்பது நசுங்காது.

ஓர் அவலை எடுத்து இரு விரலால் நசுக்குங்கள். நடுவில் வெள்ளையாகக் கடினமான புள்ளி தட்டுப்பட்டால், ஒரு கை தண்ணீர் தெளித்து இன்னும் 5 நிமிடம் விடுங்கள். சட்டென மசிந்து, மற்ற அவல்கள் தனித்தனியாக உதிர்ந்தால் பதம். உப்பையும் மஞ்சள்தூளையும் வடிதட்டிலேயே பிசிறிவிடுங்கள். வாணலியில் போட்டபின் உப்புக்காகக் கிளறிக்கொண்டே இருந்தால் பதமாக ஊறிய அவலும் குழையும். சிறு தீயில் மூடி 2 நிமிடம் ஆவி வந்தால் போதும்.

வெந்நீர் ஊற்றினால் சீக்கிரம் ஆகாதா?

ஆகும். ஆனால் மேல்பகுதி பிசுபிசுக்கும், நடு அப்படியே இருக்கும். வேண்டாம்.

சிவப்பு அவலுக்கும் இதே நேரம்தானா?

இல்லை. தவிடு இருப்பதால் ஈரம் மெதுவாகத்தான் ஏறும். 5 நிமிடம் தண்ணீரில், 15 நிமிடம் வடிதட்டில் என்று தொடங்கி, விரல் சோதனையை நம்புங்கள்.

வீட்டில் மெல்லிசு அவல்தான் இருக்கிறது.

ஊறவைக்கவே கூடாது. வடிதட்டில் பரப்பி, கையால் தண்ணீர் தெளித்துப் புரட்டுங்கள். தாளிப்பெல்லாம் முடிந்து அடுப்பைக் குறைத்தபின் நனையுங்கள், முன்னதாக வேண்டாம்.

ஏற்கெனவே குழைந்துவிட்டது. ஏதாவது செய்ய முடியுமா?

வாணலியில் போடும் முன் தெரிந்தால், அகலத் தட்டில் மெல்லப் பரப்பி மின்விசிறியின் கீழ் 10 நிமிடம் வைத்தால் ஓரளவு பிரியும். கூழாகவே போயிருந்தால் உப்புமாவை மறந்துவிட்டு, வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து தோசைக்கல்லில் தட்டிவிடுங்கள். நானே அப்படித் தப்பித்த காலைகள் உண்டு.