லொறியில் வரும் சரக்குக்குக் காப்புறுதி: வியாபாரிகளின் கேள்விகளும் பதில்களும்

சுன்னாகம், பலசரக்கு வியாபாரி: புறக்கோட்டையிலிருந்து மாவும் சீனியும் எடுப்பிக்கிறேன். லொறிக்கு முழுக் காப்புறுதி இருப்பதாக உரிமையாளர் சொல்கிறார். அது போதும்தானே, ஐயா?

பதில்: போதாது. அவருடைய காப்புறுதி வாகனத்துக்கும், அந்த வாகனத்தால் வீதியில் பிறருக்கு நேரும் பாதிப்புக்கும் உரியது. ஏற்றிய சரக்கு வழக்கமாக அதில் அடங்காது. சரக்குக்குத் தனியாக, லொறி புறப்படுவதற்கு முன்னரே எடுக்க வேண்டும்.

மானிப்பாய், கடை உரிமையாளர்: என்னிடம் சரக்குக் காப்புறுதி இருக்கிறது. வழியில் பெய்த மழையில் மா மூட்டைகள் நனைந்துவிட்டன. பணம் கிடைக்குமா?

பதில்: சேதத்துக்கு என்ன காரணம் என்பதைப் பொறுத்தது. கட்டுப்பணம் குறைந்த பத்திரங்கள் பெரும்பாலும் தீ, மோதல், லொறி புரளுதல் என்று பெயர் குறித்த காரணங்களை மட்டுமே ஏற்கும். அவற்றில் மழை இராது. ஆனால் லொறி புரண்டு, தறப்பாள் விலகி, அதன் பின்னர் மழை நனைத்திருந்தால், புரண்டதே மூலகாரணம் என்று கேட்க இடமுண்டு. விரிவான பத்திரமாக இருந்தாலும், ஏற்றும்போதே தறப்பாள் கிழிந்திருந்தது தெரியவந்தால் மறுப்பார்கள். ஆகவே ஏற்றி மூடியதும் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

தொகையிலும் பலர் இழக்கிறார்கள். 8 இலட்சம் ரூபா சரக்கை 6 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்து, 2 இலட்சத்துக்குச் சேதம் ஏற்பட்டால், விகிதாசார நிபந்தனை உள்ள பத்திரத்தில் நான்கில் மூன்று பங்காகிய 1 இலட்சத்து 50 ஆயிரம்தான் கணக்காகும்; அதிலிருந்தும் நீங்கள் ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகை கழியும். கட்டுப்பணத்தை மிச்சம் பிடிக்கப் பெறுமதியைக் குறைத்துச் சொல்வது உங்களுக்கே பாதகமாகும்.

இறக்கும்போது நனைந்த மூட்டைகளின் எண்ணிக்கையைப் பொருள் ஒப்படைப்புச் சீட்டில் எழுதிய பின்னரே கையொப்பமிடுங்கள். அன்றே நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை மூட்டைகளை வீசவோ விற்கவோ வேண்டாம்.

புன்னாலைக்கட்டுவன், விவசாயி: நான் கொழும்புக்கு அனுப்பிய வெங்காயம், லொறி பழுதாகி இரண்டு நாள் நின்றதால் அழுகிவிட்டது.

பதில்: தாமதமும் பொருளின் இயல்பால் வரும் அழுகலும் விரிவான பத்திரங்களிலும் பொதுவாக விலக்கப்பட்டவை. லொறிக்காரரிடம் கேட்பது வேறு வழி; அதை எழுத்தில் கேளுங்கள்.

நல்லூர், நெல்லிரசம் தயாரிப்பவர்: எல்லா இடர்களுக்கும் என்று எடுத்தால், விபத்தில்லாமல் உடையும் போத்தல்களும் அடங்கும்தானே, அண்ணை?

பதில்: பாதி சரி. உடைவுக்கென விலக்கு எதுவும் எழுதப்படாதிருந்தால் கேட்கலாம். ஆனால் பொதி போதியதாக இருக்கவில்லை என்று நிறுவனம் சொல்லும், வீதிக் குலுக்கலே காரணம் என்று நீங்கள் சொல்வீர்கள். இந்த இழுபறி ஒவ்வொரு தடவையும் ஒரே விதமாக முடிவதில்லை. உங்கள் பெட்டியையும் தடுப்பு அட்டையையும் முதலிலேயே காட்டி, அந்தப் பொதிக்கு உடைவு அடங்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.